விடையை மறைத்து வினாவைக் காட்டுதல்: ஒரு துணைப்பாட நிலையத் தளத்தின் தேடல் துணுக்குகள்

சிராங்கூன் சாலைக்கு அருகே இயங்கும் ஒரு தமிழ்த் துணைப்பாட நிலையம், தொடக்கநிலை 5, 6 மாணவர்களுக்காக ஓர் இணையத்தளத்தை நடத்துகிறது. அதன் பக்கங்களுள் பெரும்பாலானவை ஒரே அமைப்பில் இருப்பவை. மேலே ஒரு மரபுத்தொடரோ பழமொழியோ கருத்தறிதல் வினாவோ இருக்கும். கீழே "விடையைக் காட்டு" என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் விடையும் விளக்கமும் விரியும். மாணவர் முதலில் தாமே சிந்தித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் ஆசிரியர்கள் அப்படி அமைத்தார்கள். ஆனால் அந்த மரபுத்தொடரைக் கூகலில் தேடியவர்களுக்கு, தேடல் முடிவின் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரித் துணுக்கிலேயே விடை முழுமையாகத் தெரிந்துவிட்டது. தளத்துக்கு வர வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

பொத்தானை அழுத்தும்வரை கண்ணுக்குத் தெரியாத விடை கூகலுக்கு எப்படித் தெரிந்தது என்று நிலையத்தினர் வியந்தார்கள். இதில் மாயம் ஒன்றுமில்லை. பொத்தான் விடையைத் திரையிலிருந்துதான் மறைக்கிறது. பக்கத்தின் எச்டிஎம்எல் நிரலில் விடை தொடக்கத்திலிருந்தே எழுதப்பட்டிருக்கிறது. தேடுபொறி படிப்பது அந்த நிரலை. துணுக்கு என்பது பெரும்பாலும் பக்கத்தின் உடற்பகுதியிலிருந்து, தேடியவரின் சொற்களுக்கு மிக நெருக்கமான வரிகளைத் தானாகவே தேர்ந்தெடுத்து அமைக்கப்படுவது. ஒருவர் "மனக்கோட்டை கட்டுதல் பொருள்" என்று தேடினால், அந்தப் பக்கத்தில் அதற்கு மிக நெருக்கமான வரி விடையாகத்தான் இருக்கும். ஆகவே பொறி தன் வேலையைச் சரியாகவே செய்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

தளத்தைப் பராமரித்தவர் இதற்குக் கண்ட தீர்வு, எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான வார்ப்புருவின் தலைப்பகுதியில் ஒரே ஒரு வரியைச் சேர்ப்பதாக இருந்தது.

```html
<meta name="robots" content="nosnippet">
```

இந்த வரி சொன்னதைச் செய்தது. சில வாரங்களுக்குள் விடைகள் தேடல் முடிவுகளிலிருந்து மறைந்தன. அவற்றோடு மற்ற எல்லாமும் மறைந்தன. நிலையத்தின் அறிமுகப் பக்கம், வகுப்பு நேரங்கள், வாய்மொழித் தேர்வுக்கான ஆலோசனைகள் என எந்தப் பக்கத்தின் கீழும் ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல், தலைப்பும் முகவரியும் மட்டும் நின்றன. `nosnippet` என்பது உடற்பகுதியிலிருந்து எடுக்கும் வரிகளை மட்டுமன்றி, தள உரிமையாளர் தாமே எழுதிவைத்த விளக்கக் குறிச்சொல்லையும் சேர்த்தே நிறுத்திவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காணொளி முன்னோட்டத்தையும் அது தடுக்கும். சிறு படம் மட்டும் சில சமயம் வரக்கூடும்.

நிலையத்தின் பொறுப்பாசிரியர் என்னிடம் கேட்டது சுருக்கமானது: "தம்பி, விடை வெளியே தெரியக்கூடாது. ஆனா நாங்க என்ன சொல்லித் தர்றோம்னு தெரியணும். ரெண்டும் ஒண்ணா முடியுமா?" முடியும். ஆனால் அதற்குப் பக்கம் என்ற அளவில் சிந்திப்பதை விட்டுவிட்டு, பக்கத்துக்குள் இருக்கும் பகுதி என்ற அளவில் சிந்திக்க வேண்டும்.

முதலில் பாதிப்பு எவ்வளவு என்று அளக்க வேண்டியிருந்தது. வழக்கமாகச் செய்வதுபோல் மாற்றத்துக்கு முந்தைய மாதத்தின் சொடுக்குகளையும் பிந்தைய மாதத்தின் சொடுக்குகளையும் ஒப்பிட்டிருந்தால் தவறான முடிவே கிடைத்திருக்கும். சிங்கப்பூரில் இத்தகைய தளத்தின் போக்குவரத்து பள்ளி நாள்காட்டியைப் பின்பற்றியே ஏறி இறங்குகிறது. ஆகஸ்ட்டில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் வாய்மொழித் தேர்வு வரும். செப்டம்பர் இறுதியில் எழுத்துத் தேர்வுகள் தொடங்கும். நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு ஆண்டிறுதி விடுமுறையில் மரபுத்தொடரைத் தேட யாரும் இருக்கமாட்டார்கள். எனவே தள உரிமையாளர்களுக்குக் கூகல் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியின் செயல்திறன் அறிக்கையில் சொடுக்குகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒரே தேடல் சொற்றொடரை எடுத்துக்கொண்டு, அதன் சராசரி இடம் மாறாதிருந்த வாரங்களில், முடிவைக் கண்டவர்களுள் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்ற சொடுக்கு விகிதம் மட்டும் எப்படி மாறியது என்று பார்த்தோம். படம் தெளிவாக இருந்தது. தளத்தின் இடம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. தேடலில் தளம் தோன்றிய காட்சிகளின் எண்ணிக்கையும் பருவத்துக்கு ஏற்றபடியே இருந்தது. சொடுக்கு விகிதம் மட்டும் இறங்கியிருந்தது. அதிலும் மிகுதியாக இறங்கியவை மரபுத்தொடர்ப் பக்கங்கள் அல்ல. வகுப்பு விவரப் பக்கங்களும் கட்டுரை எழுதும் முறை பற்றிய பக்கங்களுமே. மறைக்க எதுவும் இல்லாத பக்கங்கள்தான் அதிக விலை கொடுத்தன.

துணுக்கைக் கட்டுப்படுத்தும் கருவிகள் அடிப்படையில் மூன்று. `nosnippet` முழுப் பக்கத்துக்கும் பொருந்தும் பழைய கட்டளை. `max-snippet` துணுக்கின் நீளத்துக்கு மேல்வரம்பு வைக்கும். `data-nosnippet` பக்கத்தில் குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும் துணுக்கிலிருந்து விலக்கும். பின்னிரண்டையும் கூகல் 2019 செப்டம்பரில் அறிவித்தது; அவற்றுள் `max-snippet` அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பியச் செய்தி நிறுவனங்களின் உரிமை குறித்த பிரெஞ்சுச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே காலகட்டம் அது. தம் செய்தியின் எத்தனை எழுத்துகள் தேடலில் தெரியலாம் என்பதைப் பதிப்பாளர்களே சொல்ல வழி தேவைப்பட்டது. செய்தி நிறுவனங்களின் தேவைக்கு ஏற்ப அமைந்த கருவி ஒரு துணைப்பாட நிலையத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைச் சோதிக்காமல் எடுத்துக்கொள்ள முடியாது.

இங்கே `max-snippet` பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஏனென்றால் பராமரிப்பாளரின் அடுத்த யோசனை அதுவாகத்தான் இருந்தது. "முழுவதும் மறைத்தால் சிக்கல் என்றால், பாதியளவு காட்டுவோம்" என்று அவர் `max-snippet:60` எனப் போடச் சொன்னார். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டளை எவ்வளவு காட்டலாம் என்பதைத்தான் சொல்கிறது. எதைக் காட்டலாம் என்பதைச் சொல்வதில்லை. மரபுத்தொடரின் பொருள் ஒரு சிறு வாக்கியம். அறுபது எழுத்துகளுக்குள் அது வசதியாக அடங்கிவிடும். பொறி அந்த அறுபது எழுத்துகளையும் விடையைக் காட்டுவதற்கே செலவிட்டால் அதைத் தடுக்க இதில் வழியில்லை. விடை குறுகியதாகவும் விளக்கம் நீண்டதாகவும் உள்ள பக்கங்களில் நீள வரம்பு போடுவது, விளக்கத்தை வெட்டிவிட்டு விடையை மட்டும் காப்பாற்றிக் கொடுப்பதாகவே முடியும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. கூகலின் வழிகாட்டி இந்த வரம்பை எழுத்துகளின் எண்ணிக்கையாகச் சொல்கிறது. கணினியைப் பொறுத்தவரை "சிங்கப்பூர்" என்பது நாம் எண்ணும் 6 எழுத்துகள் அல்ல. உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேமிக்கப்படுவதால் அது யூனிகோடில் 11 குறியீடுகள். ஆங்கிலப் பக்கத்துக்குப் பொருத்தமாகத் தோன்றும் ஓர் எண்ணை அப்படியே தமிழ்ப் பக்கத்தில் போட்டால், குறியீட்டுக் கணக்கில் பார்க்கையில் எதிர்பார்த்ததில் பாதியளவு உரைதான் அந்த வரம்புக்குள் அடங்கும். ஆகவே தமிழ்த் தளத்தில் இந்த எண்ணை வைக்க விரும்புவோர், ஆங்கில மாதிரியிலிருந்து எடுக்காமல், தம்முடைய சொந்த வாக்கியங்களைக் குறியீட்டு எண்ணிக்கையில் அளந்து, அதற்கு மேலும் இடம் விட்டு வைப்பதே பாதுகாப்பானது. `max-snippet:0` என்பது `nosnippet` என்பதற்கு நிகர். `max-snippet:-1` என்றால் நீளத்தைப் பொறியே முடிவு செய்யும்.

அப்படியானால் நீள வரம்புக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. இந்தத் தளத்தில் கடிதம் எழுதும் முறை பற்றி ஒரு நீண்ட பக்கம் உண்டு. அதன் முதல் பத்தி முழுவதும் தேடல் பக்கத்தின் உச்சியில் ஒரு பெட்டிக்குள் சிறப்புத் துணுக்காக எடுத்துப் போடப்பட்டது. ஆறு படிகளும் பெட்டியிலேயே தெரிந்ததால் யாரும் உள்ளே வரவில்லை. இத்தகைய பெட்டிக்குப் போதிய நீளமுள்ள உரை தேவை. நீள வரம்பைக் குறைத்தால் பெட்டியில் இடம்பெறும் வாய்ப்பு குறையும். வழக்கமான துணுக்கு நிலைக்கும். எந்த எண்ணுக்குக் கீழே பெட்டி வராது என்று நிலையான எல்லை எதுவும் கிடையாது. படிப்படியாக இறக்கிப் பார்க்கத்தான் வேண்டும். இதில் நான் தயக்கத்தோடே கையெழுத்திட்டேன். உச்சிப் பெட்டியில் தன் பெயர் தெரிவதைப் பெருமையாகக் கருதும் நிலையங்கள் உண்டு. அந்தப் பெயரைப் பார்த்துத்தான் பெற்றோர் பின்னர் தொலைபேசியில் அழைக்கிறார்கள் என்றால் அதை இழப்பது அறிவுடைமை ஆகாது. இந்த நிலையத்தில் புதிய மாணவர் சேர்க்கை பெரும்பாலும் தளத்தில் உள்ள மாதிரி வகுப்புப் படிவத்தின் வழியாக நடந்ததால், உள்ளே வராத பார்வையாளரால் அவர்களுக்குப் பயனில்லை. அதனால் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் வரம்பு வைத்தோம்.

மரபுத்தொடர்ப் பக்கங்களுக்கு உரிய கருவி `data-nosnippet`. முதலில் பொது வார்ப்புருவிலிருந்து `nosnippet` வரியை நீக்கினோம். அதை விட்டுவைத்துக்கொண்டு மற்றவற்றைச் சேர்ப்பதால் பயனில்லை. ஒரே பக்கத்தில் இரண்டு கட்டளைகள் முரண்பட்டால் கடுமையானதே செல்லும். பிறகு விடைப் பகுதியை மட்டும் குறித்தோம்.

பராமரிப்பாளர் முதலில் எழுதிக் கொடுத்த வடிவத்தில் `data-nosnippet` என்ற இந்தப் பண்பு `<details>` குறிச்சொல்லின் மீதே போடப்பட்டிருந்தது. அது வேலை செய்யாது. `span`, `div`, `section` ஆகிய மூன்று குறிச்சொற்களில் மட்டுமே கூகல் இதை மதிக்கிறது. பத்திக்குரிய `<p>` மீது போட்டாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. பண்பு அமைதியாகப் புறக்கணிக்கப்படும். விரியும் பகுதியைச் சுற்றி ஒரு `div` போட்டதும் சரியாயிற்று.

```html
<h1>மனக்கோட்டை கட்டுதல்</h1>
<p>இம்மரபுத்தொடர் எச்சூழலில் வரும்?</p>
<div data-nosnippet>
  <details>
    <summary>விடையைக் காட்டு</summary>
    <p>நிறைவேறாத ஒன்றைக் கற்பனை செய்தல்.</p>
  </details>
</div>
```

இதில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உள்ளன. ஒன்று, திறந்த `div` முறையாக மூடப்பட வேண்டும். பழைய பக்கங்கள் சிலவற்றில் மூடும் குறிச்சொல் விடுபட்டிருந்ததால், விலக்கப்பட்ட பகுதி எங்கே முடிகிறது என்பதே தெளிவற்றுப் போய், விடைக்குக் கீழே இருந்த ஆசிரியர் குறிப்பும் துணுக்கில் வராமல் நின்றது. மற்றொன்று, இந்தப் பண்பைப் பக்கம் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் வழியாகச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. பொறி உரையை எடுப்பது அந்த நிரல் ஓடுவதற்கு முன்பும் நடக்கலாம், பின்பும் நடக்கலாம். ஆகவே சேவையகத்திலிருந்து வரும் நிரலிலேயே அது இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பின்னரும் சில பக்கங்களின் துணுக்கில் விடை தொடர்ந்து தெரிந்தது. தேடுபொறி மறுபடியும் வந்து படிக்காத, அதாவது வருடப்படாத, பக்கங்களாக இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சர்ச் கன்சோலின் இணைய முகவரி ஆய்வில் பார்த்தபோது அவை புதிதாகவே வருடப்பட்டிருந்தன. `data-nosnippet` நிரலில் சரியான இடத்தில் இருந்தது. காரணம் தலைப்பகுதியில் இருந்தது. தளத்தின் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள், யாரும் விளக்கம் எழுதாத பக்கங்களில், உடற்பகுதியின் முதல் வரிகளைத் தானாக எடுத்து விளக்கக் குறிச்சொல்லில் நிரப்பிக்கொண்டிருந்தது. வினா சிறியதாக இருந்த பக்கங்களில் அந்த வரிகளுக்குள் விடையும் அடங்கிவிட்டது. `data-nosnippet` உடற்பகுதியின் ஒரு பகுதியைத்தான் விலக்குகிறது; விளக்கக் குறிச்சொல்லுக்குள் இருப்பதை அது தொடுவதில்லை. முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த கதைதான்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. துணுக்கில் தெரியும் வரியை எழுத்துக்கு எழுத்து நகலெடுத்து, பக்கத்தின் மூல நிரலில் தேடிப் பார்ப்பதே அது. ஒரே வரி இரண்டு மூன்று இடங்களில் கிடைத்தால், விலக்கப்படாத இடம் எது என்று உடனே தெரிந்துவிடும். நாங்கள் தானியங்கி விளக்கத்தை நிறுத்திவிட்டு, பக்கத்துக்கு ஒரு வாக்கியம் கையாலேயே எழுதச் சொன்னோம்: இந்த மரபுத்தொடர் எந்த வகையான வினாவில் வருகிறது, பக்கத்தில் எத்தகைய பயிற்சி இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும் வாக்கியம். ஆசிரியர்களுக்கு இதுதான் சலிப்பூட்டிய பகுதி. ஆனால் துணுக்கில் இப்போது பெற்றோர் படிப்பது பெரும்பாலும் அந்த வாக்கியத்தைத்தான்.

பக்கத்தில் தேடுபொறிக்கென்றே தனி வடிவில் எழுதப்படும் கட்டமைக்கப்பட்ட தரவு இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். வினா-விடை வடிவத்தில் அத்தகைய தரவை ஒருவர் தாமே எழுதிக் கொடுத்திருந்தால், துணுக்குக் கட்டளைகள் பொதுவாக அதைக் கட்டுப்படுத்துவதில்லை. காட்டுங்கள் என்று உரிமையாளரே கொடுத்த தகவலாக அது கருதப்படும். இந்தத் தளத்தில் அது இல்லை என்பதால் மேற்கொண்டு செல்லவில்லை.

பயிற்சித்தாள்கள் பிடிஎஃப் வடிவில் இருந்தன. பிடிஎஃப் கோப்புக்குள் இத்தகைய குறிச்சொற்களை எழுத முடியாது. சேவையகம் கோப்பை அனுப்பும்போது சேர்த்தனுப்பும் எச்டிடிபி தலைப்பில்தான் சொல்ல வேண்டும். வினாத்தாள்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் வைக்கவில்லை. விடைத்தாள்களுக்குத் துணுக்கை மட்டும் மறைப்பதில் பொருளில்லை, ஏனெனில் தேடல் முடிவைச் சொடுக்கினால் கோப்பே திறந்துவிடும். ஆகவே அவற்றைத் தனிக் கோப்புறைக்கு மாற்றி, தேடலிலிருந்தே விலக்கினோம்.

```nginx
location /vidai/ {
  add_header X-Robots-Tag "noindex";
}
```

இந்த எச்டிடிபி தலைப்பு உண்மையில் செல்கிறதா என்பதை `curl -I` கட்டளையால் கோப்பின் முகவரியைக் கேட்டுப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். இங்கேயும் ஒரு பழைய தடை குறுக்கே நின்றது. விடைத்தாள்கள் முன்பு இருந்த கோப்புறையை தேடுபொறிகள் எந்த முகவரிகளைத் திறக்கக்கூடாது என்று சொல்லும் `robots.txt` கோப்பில் யாரோ தடுத்து வைத்திருந்தார்கள். இடமாற்றத்தின்போது அந்த வரியும் புதிய பெயரோடு கூடவே வந்துவிட்டது. பலரும் இதைக் கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணுகிறார்கள். நடப்பது நேர்மாறானது. தடுக்கப்பட்ட முகவரியைப் பொறி திறந்து பார்ப்பதே இல்லை. ஆகவே அதில் எழுதியுள்ள `noindex` கட்டளையையும் அது படிப்பதில்லை. வேறு பக்கங்களிலிருந்து இணைப்புகள் இருந்தால், விளக்கம் எதுவும் இல்லாமல் வெறும் முகவரியாக அது தேடலில் நீடிக்கும். தடையை எடுத்த பிறகே கோப்புகள் தேடலிலிருந்து விலகத் தொடங்கின.

பொறுப்பாசிரியர் இடையில் எழுப்பிய வேறொரு கேள்வி முக்கியமானது. மாணவர்களின் மாதிரிக் கட்டுரைகள் சிலவற்றில் பிள்ளையின் பெயரும் பள்ளியின் பெயரும் இருந்தன. அவற்றையும் `data-nosnippet` கொண்டு மறைத்துவிடலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். இந்தப் பண்பு துணுக்கில் காட்டுவதைத்தான் நிறுத்துகிறது; உரை கூகலின் தேடல் அட்டவணையில் இருந்துகொண்டே இருக்கும். அந்தப் பெயரைத் தட்டச்சு செய்து தேடுபவருக்குப் பக்கம் கிடைக்கும். திறந்தால் பெயர் தெரியும். பிள்ளைகளின் பெயர்களைப் பக்கத்திலிருந்தே நீக்குவதுதான் செய்ய வேண்டியது. அன்றே நீக்கினார்கள். காசு கொடுத்துச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமான பாடங்களுக்கும் இதே விதிதான்; அவை உள்நுழைவுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

தேடல் பக்கத்தில் செயற்கை நுண்ணறிவு தொகுத்துத் தரும் ஏஐ ஓவர்வியூ பற்றியும் கேட்டார்கள். கூகலின் விளக்கப்படி `nosnippet` உள்ள பக்கத்தின் உரை அந்தத் தொகுப்புக்கு நேரடி உள்ளீடாகப் பயன்படுத்தப்படுவதில்லை. `max-snippet` அந்த அளவையும் கட்டுப்படுத்துகிறது. ஆனால் மரபுத்தொடரின் பொருள் இந்த நிலையத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. நூறு தளங்களில் இருப்பது. தம்முடைய பக்கத்தை விலக்கிக்கொள்ளலாமே தவிர, அந்தப் பொருள் வேறொரு தளத்தின் பெயரில் அங்கே தோன்றுவதை யாரும் தடுக்க முடியாது. இதை ஆசிரியர்கள் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. இருந்தும், மறைப்பதற்கு உரியவை எவை என்ற பட்டியலை அவர்களே சுருக்கியதற்கு இந்த விவாதமே காரணம். பொருள் மட்டும் உள்ள சிறு பக்கங்களில் விடையை மறைப்பதை அவர்கள் கைவிட்டார்கள். நிலையம் தானே உருவாக்கிய கருத்தறிதல் பகுதிகளின் விடை விளக்கங்களிலும், பல மரபுத்தொடர்களை ஒன்றாகச் சோதிக்கும் பயிற்சிகளிலும் மட்டும் `data-nosnippet` நீடிக்கிறது. அங்கே விடை வேறெங்கும் கிடைக்காது. அதைக் காண உள்ளே வரத்தான் வேண்டும்.

அடுத்த பள்ளித் தவணையில் அதே சொற்றொடர்களை அதே முறையில் ஒப்பிட்டபோது, வகுப்பு விவரப் பக்கங்களின் சொடுக்கு விகிதம் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. கருத்தறிதல் பக்கங்களில் முன்பைவிடச் சற்று ஏறியிருந்தது. மரபுத்தொடரின் பொருளை மட்டும் தேடி வருவோர் முன்போலவே துணுக்கைப் படித்துவிட்டுப் போகிறார்கள். கடிதப் பக்கம் உச்சிப் பெட்டியிலிருந்து இறங்கியது. அந்த இடத்தை வேறொரு தளம் எடுத்துக்கொண்டது. அதன் சொடுக்குகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்பைப் பகிரும்போது தோன்றும் முன்னோட்டம் மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது. மேலே சொன்ன எந்தக் கட்டளையும் அதைக் கட்டுப்படுத்தாது. வாட்ஸ்அப் எடுத்துக்கொள்வது `og:description` குறிச்சொல்லை. அதையும் அதே மேலாண்மை மென்பொருள்தான் தானாக நிரப்பி வருகிறது. கையால் எழுதிய வாக்கியங்களை அங்கேயும் இடும்படி வார்ப்புருவை மாற்றும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.